ஹோட்டல் ஃபோலியோவில் 112 ரூபாய் 50 காசு எங்கே ஒளிந்திருக்கிறது? (பெங்களூரு, 3 இரவு)

செந்தில்_சேல்ஸ் (கோவை)

வணக்கம். நவம்பர் 2025-ல் ஆபீஸ் வேலையாக பெங்களூரு போய் மூன்று இரவு தங்கினேன். கிளம்பும் அவசரத்தில் ஃபோலியோ பேப்பரை அங்கேயே விட்டுவிட்டேன். ரிசப்ஷனில் கேட்டதற்கு, மடித்து வைத்திருந்த பேப்பரை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து மங்கல், அடிப்பகுதியில் ஃபிளாஷ் வெளிச்சம். பெரிதாக்கிப் பார்த்து டைப் செய்தது இது:

```
11-11 Room Charge              6,900.00
      CGST 2.5%                  172.50
      SGST 2.5%                  172.50
11-11 Restaurant Chk           1,755.00
12-11 Room Charge              6,900.00
      CGST 2.5%                  172.50
      SGST 2.5%                  172.50
12-11 Room Service Chk           661.50
12-11 Laundry                    400.00
      CGST 9%                     36.00
      SGST 9%                     36.00
13-11 Room Charge              8,200.00
      CGST 9%                    738.00
      SGST 9%                    738.00
13-11 Lounge Chk               1,490.00
13-11 Paid Out                   900.00
11-11 Advance                -10,000.00
14-11 Card                   -18,845.00
Total 28,845.00
Total CGST 1,175.25  Total SGST 1,175.25
```

எங்கள் கம்பெனி விதிப்படி ரூம் வாடகை ஒரு இரவுக்கு 7,500 வரை, வரி தனி. சாப்பாடு ஒரு நாளைக்கு வரியோடு 1,200. நான்கு இரவுக்கு மேல் தங்கினால்தான் லாண்டரி. மது கிடையாது. இதை ரூம், சாப்பாடு, வரி, மற்றவை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும்.

எனக்கு நான்கு இடத்தில் இடிக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 29,444.50 வருகிறது, பில்லில் 28,845. வரி வரிகளை மட்டும் கூட்டினால் 2,238, ஆனால் அடியில் போட்டிருக்கும் இரண்டையும் கூட்டினால் 2,350.50. நடுவில் 112.50 எங்கே? மூன்றாவது இரவுக்கு மட்டும் ஏன் 18 சதவீதம்? அப்புறம், 12-ம் தேதி நான் ரூம் சர்வீஸ் எதுவும் வாங்கவில்லை. வாடிக்கையாளரோடு வெளியே சாப்பிட்டேன்.

---

மைலாப்பூர்_மோகன்

தலைவா, இதற்கு ஏன் இவ்வளவு மண்டை காய்கிறீர்கள்? மொத்தம் 28,845. லாண்டரியையும் லவுஞ்சையும் கழித்துவிட்டு மீதியைக் க்ளைம் செய்யுங்கள். மூன்றாவது இரவு வரி ஹோட்டல்காரன் தப்பு. இப்போது ஹோட்டல் ரூமுக்கு 5 சதவீதம்தானே? திருப்பிக் கேளுங்கள்.

---

வசந்தா_அக்கவுண்ட்ஸ்

மோகன் சார், அப்படிக் கழித்தால் செந்தில் இரண்டு பக்கமும் மாட்டுவார். 28,845-ல் 10,000 அட்வான்ஸ். அதை யார் கட்டியது என்று முதலில் சொல்லட்டும்.

செந்தில், 600 ரூபாயை முதலில் முடிப்போம். உங்கள் கூட்டலுக்கும் பில்லுக்கும் வித்தியாசம் 599.50. இப்படி அரை ரூபாய் தொங்கினால் ரவுண்ட் ஆஃப் வரி ஒன்று இருக்கும். அதைப் போட்டோவில் நீங்கள் கவனிக்கவில்லை. அது பிளஸ் 0.50 என்றால் உண்மையான வித்தியாசம் சுத்தமாக 600. ஒரே ஒரு இலக்கத்தைத் தப்பாகப் படித்தால் வித்தியாசம் இப்படி முழு நூறுகளில் வரலாம். 600 என்றால் 7-க்கும் 1-க்கும் உள்ள தூரம். 11-ம் தேதி ரெஸ்டாரன்ட் 1,755 இல்லை, 1,155. மடிப்பு அங்கேதானே விழுந்திருக்கிறது?

அதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. சாப்பாட்டுக்கு 5 சதவீதம் என்றால் தொகையை 1.05-ஆல் வகுத்துப் பாருங்கள். மெனு கார்டில் விலையெல்லாம் முழு ரூபாயில்தான் இருக்கும். 1,155-ஐ வகுத்தால் 1,100. 1,755-ஐ வகுத்தால் 1,671.43. எந்த ஹோட்டலில் அப்படி விலை போடுவார்கள்?

(வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது எங்கள் ஆபீஸ் பழைய பாடம். 45-ஐ 54 என்று எழுதுவது மாதிரி. 600 ஒன்பதால் வகுபடாது, அதனால் அது இல்லை.)

---

செந்தில்_சேல்ஸ்

மேடம், பெரிதாக்கிப் பார்த்தேன். 1,155-தான். கட்டை விரல் நிழலுக்கு அடியில் "Round Off 0.50" என்றும் இருக்கிறது. கூட்டல் சரியாகிவிட்டது.

அட்வான்ஸ் 10,000 கம்பெனி கார்டில் போனது. 18,845 என் சொந்த கார்டு.

---

நைட்ஆடிட்_ராஜா

12 வருடம் ஃப்ரன்ட் ஆபீஸில் இருந்தவன். வசந்தா மேடம் சொன்னது சரி. மீதி மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் 12-ம் தேதி. ஹோட்டலின் தேதி நள்ளிரவில் மாறாது. இரவு ஷிப்டில் ஒருவர் அன்றைய கணக்கு எல்லாவற்றையும் சரிபார்த்து மூடுவார். பெரும்பாலான ஹோட்டல்களில் அது விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கு நடக்கும். அதுவரை போடும் பில் எல்லாம் முந்தின தேதியில்தான் விழும். நீங்கள் 12-ம் தேதி இரவு வெளியே சாப்பிட்டுவிட்டு வந்து, பன்னிரண்டு மணிக்கு மேல் ஏதாவது வரவழைத்தீர்களா?

அடுத்து, 112.50. ரூமுக்கும் லாண்டரிக்கும் வரி தனி வரியாக வருகிறது. ரெஸ்டாரன்ட் அப்படி இல்லை. அங்கே வேறு மென்பொருள் பில் போடுகிறது. வரி எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகைதான் உங்கள் ரூம் கணக்குக்கு ஒரே வரியாக வந்து சேரும். அதனால் ஃபோலியோவின் உடம்பில் சாப்பாட்டு வரி தெரியாது, அடியில் உள்ள சுருக்கத்தில் மட்டும் தெரியும். உங்கள் 112.50 முழுக்க சாப்பாட்டு வரி.

---

சிங்கைவாசி

ஒரு சந்தேகம். சர்வீஸ் சார்ஜ் எங்கே? நான் சிங்கப்பூரில் ஆபீஸ் பில் போடும்போது முதலில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கு மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி வரும். 240 டாலர் ரூம் என்றால் 24 சேர்ந்து 264, அதற்கு வரி 23.76, ஆக 287.76. வெறும் 240-க்கு 19 சதவீதம் போட்டால் 285.60 வரும், அப்போது இரண்டு டாலர் இடிக்கும். செந்தில் பில்லில் அந்த 10 சதவீதம் ரெஸ்டாரன்ட் தொகைக்குள் ஒளிந்திருக்குமோ?

---

நைட்ஆடிட்_ராஜா

அது உங்கள் ஊர்க் கணக்கு அண்ணா. இங்கே சர்வீஸ் சார்ஜைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் ஆணையம் 2022-ல் விதி போட்டது. செந்தில் பில்லில் அது இல்லை என்று கணக்கே காட்டும். 1,155-ஐயும் 661.50-ஐயும் 1.05-ஆல் வகுத்தால் 1,100-ம் 630-ம் சுத்தமாக வருகின்றன. நடுவில் பத்து சதவீதம் இருந்திருந்தால் 630-ஐ மேலும் 1.10-ஆல் வகுக்க வேண்டும், 572.73 வரும், மெனுவில் அப்படி விலை இருக்காது.

மூன்றாவது இரவுக்கு வருகிறேன். மோகன் சார் பாதி சரி. 22 செப்டம்பர் 2025-லிருந்து 7,500 வரை உள்ள ரூமுக்கு 12 சதவீதம் போய் 5 ஆனது. 7,500-க்கு மேல் போனால் 18 சதவீதம்தான், அது மாறவில்லை. அந்த எல்லை ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனி, மூன்று இரவின் சராசரிக்கு இல்லை. போர்டில் எழுதிய வாடகைக்கும் இல்லை, உங்களிடம் வாங்கிய வாடகைக்கு. 6,900-க்கு 5 சதவீதம், 8,200-க்கு 18. ஒரே ரூம், ஒரே கட்டில், ஆனாலும் வரி வேறு. நீங்கள் ஒரு நாள் நீட்டித்தீர்களா?

---

செந்தில்_சேல்ஸ்

ஆமாம் ராஜா அண்ணா. இரண்டு இரவுக்குத்தான் புக் செய்திருந்தேன். மீட்டிங் தள்ளிப் போனதால் 13-ம் தேதி காலையில் ரிசப்ஷனில் கேட்டேன். அன்றைய ரேட் என்று 8,200 சொன்னார்கள்.

ரூம் சர்வீஸும் ஞாபகம் வந்துவிட்டது. 12-ம் தேதி இரவு வாடிக்கையாளரோடு பேச்சுதான் அதிகம், சாப்பாடு குறைவு. ரூமுக்கு வந்து பன்னிரண்டே முக்காலுக்கு ஃபிரைட் ரைஸும் சூப்பும் வரவழைத்தேன். வாங்கவே இல்லை என்று அவர்களோடு சண்டை போட இருந்தேன்!

லவுஞ்ச் 1,490-ஐ 1.05-ஆல் வகுத்தால் 1,419.05 வருகிறது. அதையும் தப்பாகப் படித்துவிட்டேனோ?

---

வசந்தா_அக்கவுண்ட்ஸ்

இல்லை. மொத்தம் சரியாக உட்கார்ந்துவிட்டதால் 1,490 சரியான எண்தான். முழு எண் வராததற்குக் காரணம் வேறு. லவுஞ்சில் பீர் குடித்தீர்களா, உண்மையைச் சொல்லுங்கள். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநிலத்தின் வரிதான். சாப்பாடும் மதுவும் ஒரே பில்லில் கலந்தால் 1.05 வித்தை வேலை செய்யாது.

ஆனால் உங்கள் 112.50 இங்கே கை கொடுக்கும். மொத்த சாப்பாட்டு வரி 112.50. அதில் 11-ம் தேதி டின்னருக்கு 55, ரூம் சர்வீஸுக்கு 31.50. இரண்டும் சேர்ந்து 86.50. மீதி 26 ரூபாய் லவுஞ்ச் சாப்பாட்டு வரி. 26 என்பது 5 சதவீதம் என்றால் சாப்பாட்டின் விலை 520. வரியோடு 546. 1,490-ல் அதைக் கழித்தால் 944. அது மது, அதற்கு வரி இருந்தால் அதோடு சேர்த்து.

இது கணக்கில் வந்த ஊகம்தான். ஹோட்டலிடம் லவுஞ்ச் பில்லின் நகலைக் கேளுங்கள். ஃபோலியோவில் "Chk" பக்கத்தில் ஒரு எண் இருக்கும், அதைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். எங்கள் ஆபீஸாக இருந்தால் நகல் இல்லாமல் அந்த 546-ஐ நான் பாஸ் செய்ய மாட்டேன். ஃபோலியோவில் வெறும் "Lounge" என்று இருப்பதை வைத்து அது பக்கோடாவா பிராந்தியா என்று எனக்கு எப்படித் தெரியும்?

---

ஜிஎஸ்டி_கார்த்திக்

ஒரு முக்கியமான விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். ரூம் 7,500-க்கு மேல் விற்கும் ஹோட்டலில் ரெஸ்டாரன்ட் வரி 18 சதவீதம். இந்த ஹோட்டல் 8,200-க்கு ரூம் விற்றிருக்கிறது. அப்படியானால் சாப்பாட்டுக்கு 5 சதவீதம் போட்டது தவறு. உங்கள் 1.05 கணக்கு முழுவதுமே அடிபடும்.

இன்னொன்று, 18 சதவீதம் போட்ட இரவுக்கு கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து உள்ளீட்டு வரி எடுங்கள், அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 1,476 ரூபாயை ஏன் விட வேண்டும்?

---

நைட்ஆடிட்_ராஜா

கார்த்திக் சார், விதி இருக்கிறது, நீங்கள் பார்க்கும் வருடம்தான் தப்பு. 1 ஏப்ரல் 2025-லிருந்து இது முந்தின நிதியாண்டை வைத்து முடிவாகிறது. போன நிதியாண்டில் ஒரே ஒரு ரூமையாவது ஒரு நாளைக்கு 7,500-க்கு மேல் விற்றிருந்தால் இந்த ஆண்டு அந்த ஹோட்டலின் சாப்பாட்டுக்கு 18. ஹோட்டலே விரும்பி அறிவித்தாலும் 18. இந்த ஹோட்டல் இந்த ஆண்டுதான் முதல் தடவை எல்லை தாண்டியிருக்கலாம். அப்படியென்றால் 2026 ஏப்ரலிலிருந்து அங்கே இட்லிக்கும் 18 சதவீதம். போன வருடம் என்ன விற்றார்கள் என்பது ஃபோலியோவில் தெரியாது. அதை செந்தில் நிரூபிக்கவும் வேண்டாம். பில்லில் போட்டதைத்தான் அவர் க்ளைம் செய்ய வேண்டும்.

---

வசந்தா_அக்கவுண்ட்ஸ்

உள்ளீட்டு வரிக்கு நான் பதில் சொல்கிறேன். ஹோட்டல் ரூமுக்கு வரி விழும் இடம் அந்தக் கட்டடம் இருக்கும் மாநிலம். அதனால்தான் பில்லில் சிஜிஎஸ்டியும் கர்நாடகத்தின் எஸ்ஜிஎஸ்டியும். செந்தில் கம்பெனியின் பதிவு தமிழ்நாட்டில் மட்டும் என்றால் கோவை எண்ணைக் கொடுத்தாலும் அந்த வரியை எடுக்க முடியாது. பெங்களூரில் கிளை வைத்து அங்கேயும் பதிவு செய்திருந்தால் செக்-இன் நேரத்திலேயே அந்த எண்ணைச் சொல்லி, பில்லும் கம்பெனி பெயரில் வாங்கியிருக்க வேண்டும். சாப்பாட்டு வரியை பொதுவாக எந்த மாநிலத்திலும் எடுக்க விடமாட்டார்கள். அதனால் செந்தில் விஷயத்தில் 1,476-ம் செலவுதான்.

---

செந்தில்_சேல்ஸ்

எங்களுக்குக் கோவை, ஈரோடு மட்டும்தான். சரி, அது முடிந்தது.

"Paid Out" 900 என்ன? டாக்சியா? ஏர்போர்ட் டாக்சிக்கு என்னிடம் சில்லறை இல்லை என்று ரிசப்ஷனிலிருந்து கொடுத்தார்கள்.

---

நைட்ஆடிட்_ராஜா

அதுதான். உங்கள் சார்பில் ஹோட்டல் தன் பணப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. ஹோட்டல் விற்ற பொருள் இல்லை, அதனால் வரியும் இல்லை. இதை ஹோட்டல் செலவில் போடாதீர்கள், உள்ளூர்ப் பயணம் என்ற தலைப்பில் போடுங்கள். டிரைவர் கொடுத்த ரசீது வேண்டும். ரிசப்ஷனில் நீங்கள் கையெழுத்துப் போட்ட வவுச்சரின் நகலாவது கேளுங்கள்.

---

வசந்தா_அக்கவுண்ட்ஸ்

அப்படியானால் பிரித்துவிடலாம். ரூம் 22,000. ரூம் வரி 345, 345, 1,476 சேர்ந்து 2,166. சாப்பாடு வரியோடு 1,155, 661.50, 546 சேர்ந்து 2,362.50. டாக்சி 900. ரவுண்ட் ஆஃப் 0.50, அதை ரூம் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள், ஐம்பது பைசாவுக்குத் தனித் தலைப்பு வேண்டாம். மொத்தம் 27,429.

சொந்தச் செலவு லாண்டரி 472, மது 944, ஆக 1,416. இரண்டையும் கூட்டினால் 28,845. ஃபோலியோ மொத்தத்தோடு ஒத்துப் போகிறது.

கையில் வர வேண்டியது 27,429 இல்லை. அதில் கம்பெனி ஏற்கெனவே 10,000 கட்டிவிட்டது. உங்களுக்கு 17,429. மோகன் சார் வழியில் போயிருந்தால் கம்பெனியின் பத்தாயிரத்தையும் சேர்த்து வாங்கியிருப்பீர்கள். லவுஞ்சில் சாப்பிட்டதை நீங்களே தானம் செய்திருப்பீர்கள்.

---

மைலாப்பூர்_மோகன்

ஒப்புக்கொள்கிறேன் மேடம். ஆனால் ரூம் விஷயத்தில் நான் சொல்வதைக் கேளுங்கள். 22,000-ஐ மூன்றால் வகுத்தால் 7,333. எல்லை 7,500. சராசரியாகப் போட்டால் விதிக்குள் வந்துவிடும்.

---

வசந்தா_அக்கவுண்ட்ஸ்

"ஒரு இரவுக்கு" என்று எழுதியிருந்தால் ஒரு இரவுக்குத்தான். 13-ம் தேதி 700 அதிகம். சராசரி போட்டுக் கொடுத்து, ஃபோலியோவை வைத்துப் பார்ப்பவர் கண்டுபிடித்தால் மறைத்த மாதிரி ஆகிவிடும். மீட்டிங் தள்ளிப் போனதால் நீட்டித்தேன் என்று ஒரு வரி எழுதி, மேலாளர் சம்மத மெயிலை இணைக்க வேண்டியதுதான்.

சம்மதிக்காவிட்டால் எவ்வளவு வெட்டுவது என்பதில் எங்கள் ஆபீஸிலேயே இரண்டு கட்சி. நான் 700-ம் அதன் 18 சதவீத வரி 126-ம் வெட்டுவேன். 7,500-க்குள் தங்கியிருந்தால் வரி 375-தானே, ஆகவே 1,476-ல் மீதி 1,101-ம் ஊழியர் தலையில் என்பார் எங்கள் மேலாளர். 826 எங்கே, 1,801 எங்கே?

---

ஜிஎஸ்டி_கார்த்திக்

மேலாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லையைத் தாண்டியதால்தானே வரி எகிறியது.

---

நைட்ஆடிட்_ராஜா

அநியாயம் சார். அன்று பக்கத்து ஹோட்டலில் 7,500-க்கு ரூம் கிடைத்திருக்கும் என்று அவருக்கு யார் உத்தரவாதம் கொடுப்பது?

அதைவிட, தேதியைப் பாருங்கள். ரூம் சர்வீஸ் 661.50 ஃபோலியோவில் 12-ம் தேதி. செந்தில் சாப்பிட்டது கடிகாரப்படி 13-ம் தேதி. 13-ல் லவுஞ்ச் சாப்பாடு 546-ம் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் விழுந்தால் 1,207.50. எல்லை 1,200!

---

செந்தில்_சேல்ஸ் (நான்கு நாள் கழித்து)

லவுஞ்ச் பில் நகல் வந்துவிட்டது. சாப்பாடு 520, வரி 26, பீர் 944. வசந்தா மேடம் சொன்ன எண் அப்படியே.

ரிப்போர்ட்டை ஃபோலியோ தேதியிலேயே போட்டேன். ரூம் சர்வீஸ் பில்லின் நகலில் 00:47 என்று நேரம் இருந்தது. கணக்குப் பிரிவில் ஒருவர் அதைப் பார்த்து 7.50-ஐ வெட்டச் சொன்னார். ராத்திரி சாப்பிட்டது ராத்திரிக் கணக்குதான் என்று இன்னொருவர் விட்டுவிட்டார். டாக்சி வவுச்சரும் பாஸ். 8,200 மட்டும் மேலாளர் மெயிலுக்காக நிற்கிறது, அவர் விடுப்பில்.

---

திருச்சி_லதா

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கொச்சியில் தங்கின என் ஃபோலியோவில் ரூம் சர்வீஸ் 944 என்று ஒரே வரி. 1.05-ஆல் வகுத்தால் 899.05 வருகிறது. அன்று நான் மது எதுவும் வாங்கவில்லை. இதையும் தப்பாகப் படித்தேனா?

---

வசந்தா_அக்கவுண்ட்ஸ்

1.18-ஆல் வகுத்துப் பாருங்கள் லதா.

---

திருச்சி_லதா

800!